சில்லுமூக்கு: முன்வாசல் ரத்தமும் பின்வாசல் ரத்தமும்

மார்ச் மாதத்து விடிகாலை. மைசூர் குவெம்புநகரில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பையன் படுக்கையிலிருந்து எழுந்து வந்து நிற்கிறான். தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக் கறை, சட்டைக் காலரில் இன்னும் கொஞ்சம். "சில்லுமூக்கு உடைஞ்சிருக்கு, தலையை அண்ணாந்து பிடிடா கண்ணா" என்கிறார் பாட்டி. அம்மா ஈரத்துணியை உச்சந்தலையில் வைக்கிறார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா வெங்காயத்தை நசுக்கி எடுத்து வருகிறார். அப்பா மூக்கின் மேல்பகுதியை, கண்ணாடி உட்காரும் எலும்பை, இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

ஏழெட்டு நிமிடத்தில் ரத்தம் நின்றுவிடும். துணியால் நின்றது என்று அம்மா நினைப்பார், வெங்காயத்தால் என்று பக்கத்து வீட்டார். உண்மையில் அது தானாக நின்றது. குழந்தைகளின் மூக்கு ரத்தம் பெரும்பாலும் தானாகவே நிற்கக்கூடியது என்பதால்தான் இத்தனை தவறான வைத்தியங்களும் தலைமுறை தலைமுறையாக நல்ல பெயரோடு உலவுகின்றன.

அதே வீட்டில் ஒரு மாதம் கழித்து, இரவு பதினொரு மணிக்கு, 68 வயதுத் தாத்தாவுக்கு மூக்கில் ரத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தினமும் சாப்பிடுகிறார். மூக்கின் முன்னால் சொட்டுவது குறைவுதான், ஆனால் அவர் அடிக்கடி எச்சில் விழுங்குகிறார். பேரனுக்கு நின்றதுபோல் இவருக்கும் நின்றுவிடும் என்று வீட்டார் உட்கார்ந்திருந்தால் அது பெரிய தவறு. பேரனுக்கு ரத்தம் வந்த இடம் வேறு, தாத்தாவுக்கு வரும் இடம் வேறு.

இரண்டு மூக்குத் துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், விரல் நுனி எட்டும் தூரத்தில், மெல்லிய ரத்தக் குழாய்கள் பல திசைகளிலிருந்து வந்து வலைபோல் கூடுகின்றன. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் லிட்டில் 1879-இலும் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் கீசெல்பாக் 1884-இலும் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார்கள். மருத்துவப் புத்தகங்களில் இன்றும் அவர்கள் பெயராலேயே அது வழங்குகிறது. அங்கே குருத்தெலும்பின் மேல் போர்த்தியிருக்கும் சவ்வு மிக மெல்லியது. அது காய்ந்து பொருக்குத் தட்டினால், பொருக்கை நகத்தால் சுரண்டினால், சளி பிடித்துப் பலமாகச் சிந்தினால் அடியிலிருக்கும் குழாய் திறந்துகொள்கிறது. மூக்கு ரத்தங்களில் பத்தில் ஒன்பது பங்கு இந்த முன்பகுதியிலிருந்து வருபவைதான். குழந்தைகளுக்கு ஏறக்குறைய எல்லாமே இங்கிருந்துதான். முன்வாசல் ரத்தம் என்று இதைச் சொல்லலாம்.

"சூட்டுல வந்தது" என்று பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. உடம்புச் சூடு மூக்கை உடைப்பதில்லை, காற்றின் வறட்சிதான் உடைக்கிறது. கடலோரச் சென்னையில் வியர்த்துக் கொட்டும் காற்றில் ஈரம் இருக்கும். கடல் மட்டத்துக்கு எழுநூறு மீட்டருக்கும் மேலே தக்காணத்தில் இருக்கும் மைசூரில் தை பிறந்ததிலிருந்து கோடை மழை வரும்வரை காற்று உலர்ந்தே வீசும். ராத்திரி முழுக்க மூக்கின் வழியே அந்தக் காற்றை இழுத்துவிட்ட குழந்தைக்கு விடியும்போது உள்ளே பொருக்கு தட்டியிருக்கும். அதோடு தூசி ஒவ்வாமையும் சேர்ந்தால் மூக்கு நமநமவென்று அரிக்கும், குழந்தை புறங்கையால் தேய்க்கும், தூக்கத்திலேயே விரலை விடும். தலையணையில் கறை தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான். நகம் வெட்டிவிடுவது இந்த நோய்க்கு உண்மையான மருந்துகளில் ஒன்று.

இனி முதலுதவி. குவெம்புநகர் வீட்டில் நால்வரும் செய்யத் தவறியது ஒன்றே ஒன்று: சரியான இடத்தை, போதுமான நேரம் அழுத்துவது.

மூக்கின் மேலிருந்து விரலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், கெட்டியான எலும்பு முடிந்து, அழுத்தினால் மடங்கும் மென்மையான பகுதி தொடங்கும். பிடிக்க வேண்டியது அந்த மென்பகுதியை. ஏனென்றால் ரத்தம் வரும் இடம் அதற்கு நேர் உள்ளே இருக்கிறது. அப்பா பிடித்த எலும்பை ஒரு மணி நேரம் பிடித்தாலும் உள்ளே எதுவும் அழுந்தாது. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு துவாரமும் முழுக்க மூடும்படி பிடிக்க வேண்டும். ஒரு பக்கம்தான் ரத்தம் வருகிறது என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். குழந்தையை மடியில், முகம் வெளிப்பக்கம் பார்க்க உட்கார்த்தி, பின்னாலிருந்து பிடிப்பது சுலபம். வாயால் மூச்சு விடச் சொல்ல வேண்டும். உடம்பு நிமிர்ந்தும் தலை சற்றே முன்னால் குனிந்தும் இருக்க வேண்டும். முன்னால் ஒரு கிண்ணம் வைத்துவிட்டால் வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பிக்கொள்ளலாம்.

பிறகு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம். பெரியவர்களானால் பதினைந்து. இதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். இரண்டு நிமிடம் ஆனதும் "நின்னுடுச்சா பார்ப்போம்" என்று கையை எடுப்பார்கள். அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்துகொள்ளும், கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். இப்படி ஆறு தடவை இரண்டிரண்டு நிமிடம் பிடித்துவிட்டு "அரை மணி நேரமா நிக்கல டாக்டர்" என்று ஓடிவருபவர்கள் எந்த ஊர் அவசரப் பிரிவிலும் உண்டு. குழந்தைக்கு ஒரு கார்ட்டூனைப் போட்டுவிட்டு அது முடியும்வரை விரலை எடுக்காமல் இருப்பது நல்ல உபாயம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் வந்தால் இன்னொரு பத்து நிமிடம் அதேபோல். அதற்கும் நிற்காவிட்டால் மூக்கைப் பிடித்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஈரத்துணியும் ஐஸ் கட்டியும் கெடுதல் இல்லை. ஆனால் அழுத்துவதற்கு அவை மாற்று ஆகாது. பஞ்சைத் திணிப்பது வேண்டாம். வெளியே எடுக்கும்போது உறைந்ததையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். வெங்காயத்தை வெங்காயமாகச் சமையலுக்கு விட்டுவிடலாம்.

அண்ணாந்து பிடிப்பதுதான் உண்மையில் தீங்கு செய்வது. அப்படிப் பிடித்தால் ரத்தம் நிற்பதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் தொண்டைக்குப் போகிறது, அவ்வளவுதான். வயிற்றில் சேர்ந்த ரத்தம் குமட்டும். சற்று நேரத்தில் குழந்தை காபித்தூள் கரைத்ததுபோல் கறுப்பாக வாந்தி எடுக்கும்; வீடே கதிகலங்கிப்போகும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஹூணர்களின் அரசன் அட்டிலா கி.பி. 453-இல் இறந்ததைப் பற்றிப் பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்லும் செய்தி இதுதான்: திருமண விருந்தில் அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டு மல்லாந்து படுத்திருந்தான், வழக்கமாக மூக்கு வழியே வெளியேறும் ரத்தம் தொண்டைக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிட்டது. அந்தச் சாவுக்கு வேறு காரணங்கள் சொல்பவர்களும் உண்டு. ஆனால் மல்லாந்து கிடப்பவருக்கு இப்படி நடக்க முடியும் என்பதில் சந்தேகமே இல்லை. மயக்கத்தில் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்வது இதனால்தான்.

ரத்தம் நின்ற பிறகு அன்று முழுக்க மூக்கைச் சிந்தக்கூடாது, பொருக்கைத் தொடக்கூடாது, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கக்கூடாது. அடுத்த ஒன்றிரண்டு வாரம் காலையும் இரவும் துவாரத்தின் வாசலில், நடுச்சுவர்ப் பக்கமாக, கொஞ்சம் வாசலின் தடவி வந்தால் சவ்வு ஆறும். பட்டாணி அளவில் பாதி போதும், குச்சியால் ஆழமாகத் தள்ளக்கூடாது. மாதத்துக்கு நாலு தடவை வந்துகொண்டிருந்த ரத்தம் இந்த எளிய காரியத்தாலேயே நின்றுபோவது சாதாரணம்.

தாத்தாவிடம் திரும்புவோம். அவருக்கும் முதலுதவி இதேதான்: உட்கார், குனி, மென்பகுதியைப் பிடி, துப்பு. பெரியவர்களிலும் முன்வாசல் ரத்தமே அதிகம். ஆனால் வயது ஏற ஏற, மூக்கின் ஆழத்தில், விரல் எட்டாத இடத்தில், பெரிய குழாயிலிருந்து வரும் பின்வாசல் ரத்தத்துக்கு வாய்ப்பு கூடுகிறது. வயதானவர்களின் குழாய்ச் சுவர் விறைத்துப் போயிருக்கும், கிழிந்தால் சுருங்கி மூடிக்கொள்ளாது. பின்வாசல் ரத்தத்தை அடையாளம் காண ஒரு வழி உண்டு. மூக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும்போதும் தொண்டையில் ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தால் தொண்டையின் பின்சுவரில் புது ரத்தம் கோடாக வழிவது தெரியும். தெரிந்தால் பதினைந்து நிமிடக் கணக்கெல்லாம் அவருக்குக் கிடையாது, உடனே கிளம்ப வேண்டும். தலைசுற்றல், வெளிறல், படபடப்பு இருந்தாலும் அப்படியே.

"பி.பி. ஏறி மூக்கு வழியா வந்துடுச்சு, நல்லதுக்குத்தான், இல்லேன்னா மூளையில வெடிச்சிருக்கும்" என்ற பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. மூக்கு அழுத்தம் குறைக்கும் வால்வு அல்ல. ரத்த அழுத்தம் நேரடியாக மூக்கை உடைக்கிறது என்பதற்கான சான்றும் தெளிவாக இல்லை; உடைந்த பிறகு நிற்கவிடாமல் இழுத்தடிக்கிறது என்று சொல்லலாம். ரத்தம் கொட்டும் பயத்திலேயே யாருக்கும் அழுத்தம் ஏறும். ஆகவே அந்த நேரத்தில் அளந்த எண்ணைப் பார்த்து வீட்டிலிருக்கும் பி.பி. மாத்திரையை இன்னொன்று போடுவது ஆபத்தான அவசரம். அதைவிட ஆபத்தானது, ஸ்டென்ட் வைத்தவர் பயந்துபோய் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தானாக நிறுத்திக்கொள்வது. மூக்கு ரத்தத்தை மருத்துவமனையில் நிறுத்திவிடலாம், அடைத்துக்கொண்ட ஸ்டென்ட் உயிரை வாங்கிவிடும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று ஐ.என்.ஆர். பரிசோதனை சொல்லும். நிறுத்துவதா குறைப்பதா என்பதை அதைப் பார்த்து டாக்டர் முடிவுசெய்வார்.

மருத்துவமனையில் முதலில் மரத்துப்போகும் மருந்தும் குழாயைச் சுருக்கும் மருந்தும் நனைத்த பஞ்சை வைத்து, ரத்தம் வரும் புள்ளியைத் தேடுவார்கள். புள்ளி தெரிந்தால் சில்வர் நைட்ரேட் குச்சியாலோ மின்சாரத்தாலோ சுட்டு மூடிவிடலாம், சில நிமிட வேலை. நடுச்சுவரின் இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில் ஒரே நாளில் சுடமாட்டார்கள், சுட்டால் சுவரில் ஓட்டை விழும். புள்ளி தெரியாவிட்டால் மூக்கில் பேக் வைத்து ஓரிரு நாள் விட்டு எடுப்பார்கள். அதற்கும் அடங்காத பின்வாசல் ரத்தத்துக்கு இப்போது எண்டோஸ்கோப் வழியே உள்ளே போய் அந்தக் குழாயையே கிளிப் போட்டு மூடும் அறுவை இருக்கிறது. பேக்கோடு நாள் கணக்கில் மூச்சுத் திணறிக் கிடப்பதைவிட நோயாளிக்கு இது எவ்வளவோ மேல்.

இதுவரை சொன்னது ஒரு தடவை வரும் ரத்தத்தைப் பற்றி. திரும்பத் திரும்ப வந்தால்? எண்ணிக்கை மட்டும் பயப்பட வேண்டிய விஷயமல்ல. கோடையில் வாரம் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், நன்றாக ஓடியாடி விளையாடும் பிள்ளை என்றால் நகமும் வாசலினும் போதும். தமிழ் சினிமா மூக்கு ரத்தத்தையும் ரத்தப் புற்றுநோயையும் முடிச்சுப் போட்டுப் பல பெற்றோரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அந்த நோயில் மூக்கு ரத்தம் தனியாக வருவது அரிது. வெளிறிய முகம், விடாத காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் சிவப்புப் புள்ளிகள், சோர்வு என்று கூட்டத்தோடுதான் வரும். எத்தனை தடவை என்பதைவிட, மூன்று கேள்விகளுக்குப் பதில் முக்கியம்: எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், கூட வேறு என்ன.

எப்போதும் ஒரே பக்கம் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு துவாரத்தில் மட்டும் நாற்றமடிக்கும் சளியும் ரத்தமும் கலந்து வந்தால், புளியங்கொட்டையோ பாசிமணியோ ரப்பர் துண்டோ உள்ளே இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கைக்கடிகாரத்திலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரி போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்கக்கூடாது, சொட்டு மருந்தும் விடக்கூடாது. சில மணி நேரத்திலேயே அது சவ்வை அரித்து நடுச்சுவரில் ஓட்டை போட்டுவிடும். பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்கம் மூக்கடைப்பும் அதே பக்கம் அடிக்கடி ஏராளமான ரத்தமும் சேர்ந்து வந்தால், மூக்கின் பின்னால் வளரும் ரத்தக் குழாய்க் கட்டி ஒன்று இருக்கிறதா என்று ஸ்கேனில் தேட வேண்டும். புற்றுநோய் இல்லைதான், ஆனால் தெரியாமல் சதைத்துணுக்கு வெட்டினால் ரத்தம் ஆறாகப் பெருகும் கட்டி. ஊருணியிலும் குளத்திலும் குளித்து வளர்ந்த தென் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு, இலங்கைக்காரர்களுக்கும், ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் வருவதுண்டு. தொட்டால் ரத்தம் கசியும், ஸ்ட்ராபெரிப் பழம்போல் வெண்புள்ளிகள் தெரியும் சதை அது. மைசூரில் குடியேறி வருஷங்கள் ஆகியிருந்தாலும், லீவில் எந்தக் குளத்தில் குளித்தீர்கள் என்பது டாக்டருக்குத் தேவையான தகவல். நடுவயதைத் தாண்டியவருக்கு ஒரு பக்க ரத்தத்தோடு காது அடைப்போ கழுத்தில் கட்டியோ இருந்தால் எண்டோஸ்கோப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

சரியாகப் பிடித்தும் ஒவ்வொரு தடவையும் இருபது, முப்பது நிமிடம் நீள்கிறது என்றால் சந்தேகம் மூக்கைவிட்டு ரத்தத்தின் பக்கம் திரும்ப வேண்டும். ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிரான்ட் 1926-இல் எழுதிய அறிக்கை இதற்குச் சரியான பாடம். ஆலண்ட் தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவரிடம் அழைத்து வந்தார்கள். மூக்கு, ஈறு, சின்னக் காயம், எதிலிருந்து வந்தாலும் ரத்தம் நிற்காது. அவளுடைய சகோதரிகளில் சிலர் ரத்தப்போக்கால் சிறு வயதிலேயே இறந்திருந்தார்கள். ஹீமோஃபிலியா ஆண்களுக்கு வருவது, இது பெண்களுக்கும் வருகிறதே என்று யோசித்த மருத்துவர், அந்தக் குடும்பத்தின் கிளைகளையெல்லாம் விசாரித்து இது வேறொரு பரம்பரை நோய் என்று கண்டார். அந்தச் சிறுமி பின்னர் 13 வயதில், மாதவிடாய் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். இன்று அந்த நோய் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. உலகில் மிக அதிகமாகக் காணப்படும் பரம்பரை ரத்தப்போக்கு நோய் அது. பலருக்கு அதன் முதல் அடையாளமே மூக்கு ரத்தம்தான்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய பழக்கத்தில் "பி.டி., சி.டி. பார்த்தாச்சு, நார்மல்" என்று அனுப்பிவிடுவது இன்னும் உண்டு. ரத்தம் நிற்கும் நேரமும் உறையும் நேரமும் சரியாக இருந்தாலும், ஏன், பி.டி.டி. பரிசோதனைகூடச் சரியாக இருந்தாலும், லேசான வான் வில்லிபிரான்ட் நோய் ஒளிந்திருக்கலாம். அதற்கென்று தனிக் காரணிப் பரிசோதனை வேண்டும். அதைக் கேட்டு வாங்கத் தூண்டுவது ஆய்வகத் தாள் அல்ல, குடும்பக் கதை: பல் பிடுங்கியபோது நாள் முழுக்க ரத்தம் வந்ததா, அம்மாவுக்கும் அத்தைக்கும் மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுமா, பையனுக்கு முட்டியில் தவிர முதுகிலும் கன்றிப்போகிறதா. கூச்சத்தால் வீட்டுப் பெண்கள் சொல்லாமல் விடும் பதில்தான் பல நேரம் நோயைக் காட்டிக்கொடுப்பது.

காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் வந்தால் கதை வேறு. மழைக்காலத்தில் டெங்குவை நினைத்துப் பிளேட்லெட் பார்க்க வேண்டும். மைசூர்ப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் கண்டுபிடிக்கப்பட்ட, உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சல் 2012-இல் பந்திப்பூர் காட்டுக்கும் வந்துவிட்டது. நீலகிரி எல்லையும் தூரமில்லை. காட்டு வேலைக்கோ விறகுக்கோ போய்வந்தவருக்குக் கடுங்காய்ச்சலும் மூக்கு, ஈறு ரத்தமும் சேர்ந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வருவதே வழக்கமில்லை. அந்த வயதில் ஒரு தடவை வந்தாலும் காட்டிவிட வேண்டும்.

மருந்தே காரணமாகிப்போகும் ஒரு விஷயமும் உண்டு. ஒவ்வாமைக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைப் பலர் நடுச்சுவரைப் பார்த்து அடிக்கிறார்கள். தினமும் அதே இடத்தில் பட்டு சவ்வு மெலிந்து ரத்தம் கசியும். வலது கையால் இடது துவாரத்திலும் இடது கையால் வலது துவாரத்திலும், காதுப் பக்கம் சாய்த்து அடித்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இராது.

மைசூரில் இதைக் காட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. 1924-இல் தொடங்கிய மைசூர் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த கே.ஆர். மருத்துவமனையில் ஈ.என்.டி. பிரிவு இருக்கிறது. பேச்சுக்கும் செவிக்கும் பெயர்பெற்ற, மானசகங்கோத்ரியில் இருக்கும் அகில இந்திய நிறுவனத்திலும் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். போகிறவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும்: கடைசி நாலைந்து தடவை ரத்தம் வந்த தேதி, எந்தப் பக்கம், கடிகாரப்படி எத்தனை நிமிடம், குடும்பத்தில் யாருக்காவது உண்டா. தாத்தாவை அழைத்துப் போவதானால், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.